பொட்டாசியம் அட்டை: இரத்தப் பரிசோதனை எண்ணைக் கண்டதும் செவிலியர் செய்ய வேண்டியது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பகுதிகளில் செவிலியர் பட்டயப் படிப்பிலும் பட்டப் படிப்பிலும் இருக்கும் மாணவர்கள், வார்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியோர் கேட்ட கேள்விகள் இங்கே உள்ளன. எல்லாப் பரிசோதனைகளையும் மேலோட்டமாகத் தொடுவதைவிட, தவறினால் சில நிமிடங்களில் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய ஒரே ஒரு பரிசோதனையை முழுமையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். மருந்து அளவுகள் பொதுவாக வழக்கத்தில் உள்ளவை. கொடுப்பதற்கு மருத்துவரின் எழுத்து உத்தரவும் உங்கள் மருத்துவமனையின் நெறிமுறையும் வேண்டும்.

முப்பது பரிசோதனைக்கு அட்டை எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன் மேடம். ஆனால் வார்டில் ரிப்போர்ட் கைக்கு வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. அட்டையில் என்ன குறை?

பெரும்பாலான மாணவர்களின் அட்டையில் முன்பக்கம் "பொட்டாசியம்" என்றும், பின்பக்கம் "3.5 முதல் 5.0 வரை, கூடினால் டாக்டரிடம் சொல்லவும்" என்றும் இருக்கும். தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது போதும். வார்டில் உங்களிடம் யாரும் இயல்பு அளவைக் கேட்பதில்லை. அது ரிப்போர்ட்டிலேயே அச்சாகி வருகிறது. உங்கள் கையில் இல்லாதது, அந்த எண்ணைப் பார்த்த பிறகு முதலில் எதைத் தொடுவது, எதை நிறுத்துவது, எதைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரை அழைப்பது என்ற வரிசை.

ஆகவே முன்பக்கத்தில் பரிசோதனையின் பெயரை மட்டும் எழுதாமல், ஒரு எண்ணையும் ஒரு நோயாளியையும் சேர்த்து எழுதுங்கள். பின்பக்கத்தில் பெயர்ச்சொற்களைக் குறைத்து, வினைச்சொற்களை வரிசையாக எழுதுங்கள். நான் பயன்படுத்தும் அட்டை இது:

முன்பக்கம்: பொட்டாசியம் 6.4. நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு உள்ளவர். காலை மாத்திரை இன்னும் கொடுக்கவில்லை.

பின்பக்கம்: எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய். நோயாளியிடம் போ, நாடி, இரத்த அழுத்தம், மூச்சு, கைகால் பலம் பார். மானிட்டரை மாட்டி 12 லீட் ஈ.சி.ஜி. எடு. பொட்டாசியம் தரும், ஏற்றும் எல்லாவற்றையும் நிறுத்தி வை. மருத்துவரை அழை. கேனுலா ஓடுகிறதா என்று பார். இரண்டாவது மாதிரியை அனுப்பு, ஆனால் அதற்காகக் காத்திராதே.

அதே எண்ணையே வேறு நோயாளியோடு இன்னோர் அட்டையில் எழுதினால், பின்பக்கத்தின் வரிசை சற்று மாறும். அந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது என்று சொல்ல முடிந்தால்தான் அட்டையைப் படித்துவிட்டதாகக் கொள்ளலாம்.

ஒரு புத்தகத்தில் 5.0 என்றும், இன்னொன்றில் 5.5 என்றும் இருக்கிறது. எந்த எண்ணை எழுதுவது?

உங்கள் ஆய்வகத்தின் ரிப்போர்ட்டில் அச்சாகும் எல்லையையே எழுதுங்கள். லிட்டருக்கு 3.5 முதல் 5.0 அல்லது 5.1 மில்லிமோல் வரை பொதுவான இயல்பு. பொட்டாசியத்துக்கு மில்லிமோலும் மில்லிஈக்விவலன்ட்டும் ஒரே எண்ணாகவே இருப்பதால் அதில் குழம்ப வேண்டியதில்லை. 5.5க்கு மேல் கவனம், 6.0க்கு மேல் அவசரம், 6.5க்கு மேல் உயிராபத்து என்று மூன்று படிகளும், கீழ்ப்பக்கம் 3.0க்குக் கீழே கவனம், 2.5க்குக் கீழே உயிராபத்து என்று இரண்டு படிகளும் நினைவில் இருந்தால் போதும். ஆய்வகம் தொலைபேசியில் அழைத்துச் சொல்லும் அபாய எல்லை இடத்துக்கு இடம் மாறும் என்பதால், அதை உங்கள் வார்டின் சுவரில் ஒட்டியிருக்கும் தாளிலிருந்து பார்த்து எழுதுங்கள்.

எண்ணைவிட வேகம் முக்கியம் என்பதையும் அட்டையின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பல மாதங்களாக 5.8இல் இருந்துவரும் டயாலிசிஸ் நோயாளியின் உடல் அதற்கு ஓரளவு பழகியிருக்கும். நேற்று 4.2ஆக இருந்து இன்று 5.8ஆக ஏறியவரின் இதயத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் புதிய எண்ணை எடைபோட முடியாது.

6.3 என்று வந்தது. சீனியர் சிஸ்டர் "ஹீமோலைஸ் ஆகியிருக்கும், மறுபடி எடுத்து அனுப்பு" என்றார். அதுதானே முதல் வேலை?

இல்லை. சிஸ்டர் சொன்ன காரணம் உண்மையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் வரிசை தவறு. உடலின் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 சதவீதம் செல்களுக்குள்ளேதான் இருக்கிறது. அதனால் குழாயில் சிவப்பணுக்கள் சிதைந்தால் உள்ளிருந்தது வெளியே கொட்டி, நோயாளியின் உடலில் இல்லாத பொட்டாசியம் ரிப்போர்ட்டில் தோன்றும். டூர்னிகேயை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைப்பது, நரம்பு தெரிவதற்காக நோயாளியைக் கையை மூடி மூடித் திறக்கச் சொல்வது, மிக மெல்லிய ஊசியில் இழுப்பது, சிரிஞ்சிலிருந்து குழாய்க்குள் அழுத்திப் பீய்ச்சுவது, குழாயைக் குலுக்குவது ஆகிய எல்லாமே எண்ணை ஏற்றும். பொட்டாசியம் கலந்த டிரிப் ஓடும் அதே கையில், அதற்கு மேற்புறத்தில் எடுத்தாலும் அப்படியே.

ஆயினும் மறுமாதிரி எடுத்து, அனுப்பி, முடிவு வர ஒரு மணி நேரம் ஆகலாம். முதல் எண் உண்மையாக இருந்திருந்தால், அந்த ஒரு மணி நேரம் நோயாளிக்குச் சொந்தமானது. ஆகவே முதலில் நோயாளியைப் பாருங்கள், ஈ.சி.ஜி. எடுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். அதோடு கூடவே மறுமாதிரியையும் அனுப்புங்கள். வார்டிலேயே இரத்த வாயுப் பரிசோதனைக் கருவி இருந்தால், சில நிமிடங்களில் பொட்டாசியத்தை அதில் பார்த்துவிடலாம். அந்தக் கருவி முழு இரத்தத்தையே அளப்பதால் சிவப்பணு சிதைந்திருந்தால் அது காட்டிக்கொடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

மருத்துவரிடம் சொல்லும்போது "ஹீமோலைஸ் ஆகியிருக்கலாம்" என்ற உங்கள் ஊகத்தை முன்னால் வைக்காதீர்கள். எண், நோயாளியின் நிலை, ஈ.சி.ஜி., சிறுநீரின் அளவு, ஓடும் மருந்துகள் ஆகியவற்றைச் சொன்ன பிறகு, மாதிரி எடுக்கக் கடினமாக இருந்ததா என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொன்னால், கேட்பவரின் காது அத்தோடு மூடிக்கொள்ளும்.

கலெக்‌ஷன் சென்டரிலிருந்து வேலூருக்கு மாதிரி வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது. வெயில் என்பதால் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புகிறோம். அது நல்லதுதானே?

பல பரிசோதனைகளுக்கு நல்லது, பொட்டாசியத்துக்குக் கெடுதல். சிவப்பணுவின் சவ்வில் உள்ள ஒரு பம்ப் பொட்டாசியத்தை ஓயாமல் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. குளிர்ந்தால் அந்தப் பம்ப் ஓய்ந்துவிடும். உள்ளிருக்கும் பொட்டாசியம் மெல்லக் கசிந்து வெளியேறும். செல் உடைவதில்லை என்பதால் சீரம் சிவப்பாக மாறாது. ஆய்வகத்தில் "மாதிரி நன்றாக உள்ளது" என்றுதான் குறிப்பார்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் ஒருவருக்கு 6.0 என்று வந்து, ஈ.சி.ஜி. இயல்பாக இருந்து, மாதிரி குடியாத்தத்திலிருந்தோ ஜவ்வாதுமலை அடிவாரத்திலிருந்தோ ஐஸ் மேல் உட்கார்ந்து வந்திருந்தால், இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஐஸ் வேண்டாம் என்று சித்திரை வெயிலில் இருசக்கர வண்டியின் பெட்டியில் வைத்து அனுப்புவதும் தீர்வாகாது. சூட்டில் அந்தப் பம்ப் முதலில் அதிக வேகமாக ஓடி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்து எண்ணைக் குறைத்துக் காட்டும். மாதிரியில் உள்ள சர்க்கரை தீர்ந்த பிறகு நிலைமை தலைகீழாகி எண் ஏறும். ஆக, உண்மையிலேயே கூடியிருக்கும் பொட்டாசியம் வெயிலில் மறைந்துபோகவும் கூடும். இது இன்னும் ஆபத்தான பிழை.

சரியான வழி ஒன்றுதான். எடுத்த இடத்திலேயே இரத்தம் உறைந்த பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, சீரத்தைப் பிரித்து, அதன் பிறகு அனுப்புவது. ஜெல் உள்ள குழாயானால் சுற்றிய பிறகு செல்களும் சீரமும் ஜெல்லால் பிரிந்துவிடும். ஐஸில் வைப்பதானால் பிரித்த பிறகு வையுங்கள்.

ஊதா மூடிக் குழாயில் இரத்தம் கூடிவிட்டது என்று சிவப்பு மூடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றினேன். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 9.8! நோயாளியோ உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார்.

ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமல் தடுக்க இருக்கும் பொருளே ஒரு பொட்டாசிய உப்பு. அதில் சிறிதளவு கலந்தாலும் பொட்டாசியம் ஏறும். அதே பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் கால்சியம் வெகுவாகக் குறையும். பொட்டாசியம் நம்ப முடியாத அளவு கூடியும், கால்சியம் நம்ப முடியாத அளவு குறைந்தும் ஒரே ரிப்போர்ட்டில் வந்தால் குழாய்க் கலப்பே முதல் சந்தேகம். ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒருபோதும் ஊற்றக் கூடாது. சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயை முதலிலும் ஊதாவை அதன் பிறகும் நிரப்ப வேண்டும். இவ்வளவும் தெரிந்த பிறகும், இட்லி சாப்பிடுபவருக்கும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிட்டுத்தான் மறுமாதிரிக்குப் போக வேண்டும்.

ஈ.சி.ஜி. படிப்பது டாக்டரின் வேலை இல்லையா? அட்டையில் நாங்கள் எதை எழுதுவது?

பெயரிட்டு முடிவு சொல்வது மருத்துவரின் வேலை. "இது நேற்றைய ஈ.சி.ஜி. மாதிரி இல்லை" என்று கண்டுகொள்வது உங்கள் வேலை. மூன்றை மட்டும் எழுதுங்கள்: டி அலை உயர்ந்து, அடி குறுகி, கூம்பாக நிற்கிறதா, பி அலை தட்டையாகி மறைகிறதா, கியூ.ஆர்.எஸ். அகலமாகிறதா. பெரும்பாலும் இந்த வரிசையில்தான் மாற்றம் வரும் என்று புத்தகங்கள் சொன்னாலும், நோயாளிகள் அந்த வரிசைக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். நாடி 50க்குக் கீழே இறங்கியிருப்பதே சிலருக்கு ஒரே அறிகுறி. அகன்ற கியூ.ஆர்.எஸ். கண்டால் டிஃபிப்ரிலேட்டரைக் கட்டிலருகே கொண்டுவந்துவிட்டு அழையுங்கள்.

இன்னொன்றையும் அடிக்கோடிட்டு எழுத வேண்டும்: ஈ.சி.ஜி. இயல்பாக இருப்பதால் பொட்டாசியம் இயல்பு என்று ஆகிவிடாது. 6.8இலும் சிலருக்கு ஈ.சி.ஜி. அமைதியாகவே இருக்கும்.

கால்சியம் போட்டதும் பொட்டாசியம் குறைந்துவிடும்தானே? பிறகு ஏன் இன்சுலின், நெபுலைசர் என்று இத்தனை?

கால்சியம் பொட்டாசியத்தை ஒரு துளியும் குறைப்பதில்லை. கூடிய பொட்டாசியத்தால் தடுமாறும் இதயத் தசையின் சவ்வை அது சிறிது நேரத்துக்கு நிலைப்படுத்துகிறது, அவ்வளவே. 10 சதவீத கால்சியம் குளுகோனேட் 10 மில்லியை 5 முதல் 10 நிமிடங்களில் மெதுவாக, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே செலுத்துவது வழக்கம்; சில நெறிமுறைகளில் 30 மில்லி வரை உண்டு. ஓரிரு நிமிடங்களில் விளைவு தெரியும். 30 முதல் 60 நிமிடங்களில் அந்தக் காவல் தீர்ந்துவிடும். ஈ.சி.ஜி. சரியாகவில்லையென்றால் 5 நிமிடம் கழித்து மறுபடி உத்தரவு வரும். எனவே இரண்டாவது ஆம்பூலையும் எடுத்து வையுங்கள். செலுத்தும் முன் கேனுலாவைச் சலைன் விட்டுச் சோதியுங்கள், ஏனெனில் வெளியே கசிந்தால் தோலும் சதையும் அழுகும். சோடியம் பைகார்பனேட் ஓடும் அதே வழியில் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வெண்ணிறமாகத் திரிந்துவிடும்.

அந்த அரை மணி நேர அவகாசத்துக்குள் பொட்டாசியத்தை இரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளுவதே இன்சுலினின் வேலை. ரெகுலர் இன்சுலின் 10 யூனிட்டை 25 கிராம் குளுக்கோஸுடன், அதாவது நம் வார்டுகளில் கிடைக்கும் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லியுடன், நரம்பு வழியே கொடுப்பார்கள். உடல் எடை குறைந்தவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சிலர் 5 யூனிட் எழுதுவதுண்டு. கால் மணி நேரத்தில் தொடங்கி, 4 முதல் 6 மணி நேரம் வரை நிற்கும்.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. இன்சுலின் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. முதலாவதில் 10 யூனிட் என்பது 0.25 மில்லி, இரண்டாவதில் 0.1 மில்லி. குப்பிக்கு ஏற்ற இன்சுலின் சிரிஞ்சையே பயன்படுத்த வேண்டும்: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். அவசரத்தில் கை பதறும் நேரம் இது என்பதால், இன்னொரு செவிலியர் குப்பியையும் சிரிஞ்சையும் பார்த்து வாய்விட்டுச் சொன்ன பிறகே செலுத்துங்கள்.

சால்பியூட்டமால் நெபுலைசரும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் 2.5 மில்லிகிராம் இதற்குப் போதாது. 10 முதல் 20 மில்லிகிராம் எழுதுவார்கள். நான்கு ரெஸ்பியூல் உடைக்கச் சொல்கிறாரே என்று திகைக்க வேண்டாம், உத்தரவை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இதய நோயுள்ளவருக்கு நாடி வேகமாகும் என்பதை நினைவூட்டுங்கள்.

இவை எதுவும் பொட்டாசியத்தை உடலை விட்டு வெளியேற்றவில்லை. வெளியேற்றுவது சிறுநீர், மலம், டயாலிசிஸ் ஆகிய மூன்றே.

ஒரு நோயாளியை வைத்து நேரத்தோடு சொல்ல முடியுமா?

பயிற்சிக்காக நான் அமைத்துக்கொண்ட நிகழ்வு இது. குடியாத்தம் பக்கத்துப் பெரியவர், 58 வயது, எடை 60 கிலோ. நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உண்டு. டெல்மிசார்டன் சாப்பிட்டுவருபவர், கால் வீக்கத்துக்காக ஸ்பைரோனோலாக்டோன் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு ஐபுபுரோஃபென் வாங்கி விழுங்கியிருக்கிறார். அக்னி நட்சத்திரம் என்பதால் மகன் தினமும் இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார். "காலெல்லாம் துவளுதும்மா" என்று சொல்லி வந்து சேர்ந்தவர்.

காலை 10.10க்கு ஆய்வகம் அழைக்கிறது: பொட்டாசியம் 6.8, கிரியாட்டினின் 3.4. நீங்கள் நோயாளியின் பெயர், எண், அளவு மூன்றையும் எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்து, சொன்னவர் பெயரையும் நேரத்தையும் குறிக்கிறீர்கள். 10.12க்குக் கட்டிலருகே: நினைவு தெளிவு, நாடி 48, இரத்த அழுத்தம் 110/70, எழுந்து நிற்கக் கால் ஒத்துழைக்கவில்லை. மானிட்டரை மாட்டி ஈ.சி.ஜி. எடுத்தால், கூம்பான டி அலை, பி அலை தெரியவில்லை, கியூ.ஆர்.எஸ். அகலம். காலை மாத்திரைக் கிண்ணத்தில் இருக்கும் டெல்மிசார்டனையும் ஸ்பைரோனோலாக்டோனையும் எடுத்து ஒதுக்குகிறீர்கள். பக்கத்தில் மூடி வைத்திருக்கும் இளநீரையும்தான்.

10.16க்கு மருத்துவரிடம்: "சார், 12ஆம் கட்டில், பொட்டாசியம் 6.8, நாடி 48, கியூ.ஆர்.எஸ். அகலமாகியிருக்கிறது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர், ஸ்பைரோனோலாக்டோன் புதிதாக ஆரம்பித்திருக்கிறது, காலையிலிருந்து 60 மில்லிதான் சிறுநீர். மாத்திரைகளை நிறுத்தி வைத்திருக்கிறேன். உடனே வர வேண்டும். கால்சியம் குளுகோனேட் எடுத்து வைக்கிறேன்." ஒரு மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியது இது. அட்டையின் பின்பக்கத்தில் இந்த அழைப்பையே எழுதி வைத்துக்கொள்ளும் மாணவர்கள் வார்டில் தடுமாறுவதில்லை.

10.22க்குக் கால்சியம் தொடங்கி 10.30க்கு முடிகிறது; மறு ஈ.சி.ஜி.யில் கியூ.ஆர்.எஸ். ஒடுங்கி, நாடி 64. 10.35க்குச் சர்க்கரை 142 என்று பார்த்த பிறகு, இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும். இதன் பிறகு பலர் மூச்சு விட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் பார்வையில் கவனம் கூட வேண்டிய நேரம் இதுதான். பழுதான சிறுநீரகம் இன்சுலினை மெதுவாகவே அகற்றும் என்பதால், குளுக்கோஸ் தீர்ந்த பிறகும் இன்சுலின் வேலை செய்துகொண்டிருக்கும். முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆறு மணி நேரம் வரை மணிக்கு ஒரு முறையும் சர்க்கரை பார்க்க வேண்டும். இவருக்கு 12.35க்குச் சர்க்கரை 62. வியர்க்கவில்லை, தூங்குவதுபோல் கிடந்தார். விரலில் குத்திப் பார்த்ததால்தான் தெரிந்தது. மீண்டும் டெக்ஸ்ட்ரோஸ்.

11.40க்கு 6.0க்கு இறங்கியிருந்த பொட்டாசியம், மாலை 4.40க்கு 6.4. இது சிகிச்சையின் தோல்வி அன்று. உள்ளே தள்ளியது வெளியே திரும்பி வருகிறது, சிறுநீரோ போதவில்லை. காலையிலேயே நெஃப்ராலஜிக்குச் சொல்லி வைத்ததால் 5.30க்கு டயாலிசிஸ் தொடங்க முடிகிறது.

குறைந்த பொட்டாசியத்துக்கு அட்டை எப்படி? "உடனே கே.சி.எல். போடு" என்று எழுதலாமா?

அப்படி ஓர் அட்டை உங்களிடம் இருந்தால் கிழித்துவிடுங்கள். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை நேரடியாக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பின்பக்கத்தின் முதல் வரி "சிறுநீர் எவ்வளவு போகிறது என்று பார்" என்பதாகவே இருக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது போகாவிட்டால், மருத்துவரிடம் சொல்லாமல் பொட்டாசியத்தைத் தொடங்காதீர்கள்.

மூன்று நாள் பேதியோடு வந்தவருக்கு 2.6 என்று வைத்துக்கொள்வோம். மானிட்டர், ஈ.சி.ஜி., மூச்சின் பலம், வயிற்று உப்புசம் ஆகியவற்றைப் பாருங்கள். டிகாக்சின் சாப்பிடுபவரா என்று கேளுங்கள், ஏனெனில் குறைந்த பொட்டாசியத்தில் அதன் நஞ்சுத்தன்மை கூடும். உத்தரவு: 1 லிட்டர் நார்மல் சலைனில் 40 மில்லிஈக்விவலன்ட், 4 மணி நேரத்தில். நம் பக்கம் கிடைக்கும் 15 சதவீத, 10 மில்லி ஆம்பூலில் 20 மில்லிஈக்விவலன்ட் இருப்பதால் இரண்டு ஆம்பூல் வேண்டும். மணிக்கு 250 மில்லி. மில்லிக்கு 20 துளி விழும் செட்டானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 83 துளி. இப்படி மணிக்கு 10 மில்லிஈக்விவலன்ட் போகும். கையிலுள்ள சிறு நரம்பு வழியாகச் சாதாரண வார்டில் இதுவே வழக்கமான உச்ச வேகம். இன்ஃப்யூஷன் பம்ப் இருந்தால் அதில்தான் விட வேண்டும்.

தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலுக்குள் ஊசியைக் குத்திக் கே.சி.எல். சேர்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது சலைனைவிட அடர்த்தியானது. கலக்காவிட்டால் கீழே கழுத்தருகே தங்கி, முதலில் அதுவே மொத்தமாக உள்ளே போகும். பாட்டிலை இறக்கி, சேர்த்து, பத்து முறையாவது தலைகீழாகத் திருப்பிக் கலந்து, அளவும் நேரமும் எழுதி ஒட்டிய பிறகே மாட்டுங்கள். கை எரிகிறது என்று நோயாளி சொன்னால் வேகத்தைக் குறைத்து, கேனுலா இடத்தைப் பாருங்கள். கே.சி.எல். ஆம்பூலை ஊசிக்கான தண்ணீர் ஆம்பூலோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

10 மில்லிஈக்விவலன்ட்டுக்கு ஏறத்தாழ 0.1 ஏறும் என்பது தோராயக் கணக்கு. இந்தப் பாட்டில் முடிந்ததும் 3.0 அருகில் வந்தால் வியப்பில்லை, 4.0 வரவில்லையே என்று யாரும் கேட்க வேண்டாம். வாய்வழி கொடுக்க முடிந்தவருக்குச் சிரப்பே பாதுகாப்பானது. அதைத் தண்ணீரில் கலந்து, சாப்பிட்ட பிறகு கொடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டும்.

எவ்வளவு போட்டும் பொட்டாசியம் ஏறவே இல்லை. ஏன்?

மக்னீசியம் பார்த்தார்களா என்று கேளுங்கள். அது குறைந்திருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தை நிறுத்தி வைக்க முடியாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். பேதியும் மதுப்பழக்கமும் ஃபுரோசமைடும் இருக்கும் இடத்தில் இந்தச் சந்தேகம் முதலிலேயே வர வேண்டும்.

சர்க்கரை 480, கீட்டோன் பாசிட்டிவ், பொட்டாசியம் 3.1. இன்சுலின் டிரிப் உடனே தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். அட்டையில் என்ன எழுதுவது?

"நிறுத்து, கேள்" என்று எழுதுங்கள். பொட்டாசியம் 3.3க்குக் கீழே இருக்கும்போது இன்சுலின் தொடங்கினால், இருக்கும் கொஞ்சமும் செல்லுக்குள் போய் இதயத் துடிப்பு தாறுமாறாகும். "சார், பொட்டாசியம் 3.1தான். முதலில் அதை ஈடுசெய்துவிட்டு இன்சுலின் தொடங்கலாமா?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. பல நேரங்களில் உத்தரவு எழுதியபோது அந்த ரிப்போர்ட் வந்தே இருந்திருக்காது. சலைன் மட்டும் ஓடட்டும்.

டயாலிசிஸ் நோயாளியின் வீட்டார் "இளநீர் உடம்புக்குக் குளிர்ச்சிதானே அக்கா" என்கிறார்கள். எப்படிச் சொல்வது?

100 மில்லி இளநீரில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. 300 மில்லி உள்ள ஓர் இளநீர் கிட்டத்தட்ட ஒரு கே.சி.எல். ஆம்பூல் அளவு பொட்டாசியத்தை வயிற்றுக்குள் அனுப்புகிறது. இந்த ஒப்பீட்டை வீட்டாரிடம் சொல்ல வேண்டியதில்லை; உங்கள் அட்டைக்கு மட்டும். அவர்களிடம், "நல்ல சிறுநீரகம் இதை வெளியேற்றிவிடும்; இவருடையது வெளியேற்றாது, இதயம் நின்றுவிடும்" என்று நேராகச் சொல்லுங்கள். வெறுமனே "ஆகாது" என்றால் அடுத்த வெயிலில் மறுபடி வெட்டிக் கொடுப்பார்கள். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கச் சொல்லுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படும் பல பொட்டலங்களில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு என்பதால், வீட்டு உப்புப் பாக்கெட்டையும் கொண்டுவந்து காட்டச் சொல்லலாம்.

மற்றப் பரிசோதனைகளுக்கும் இதே மாதிரி எழுதலாமா?

எழுதலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் முதல் வினைச்சொல் வேறு. சர்க்கரை 48 என்றால் நினைவோடு விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் குளுக்கோஸ். நினைவில்லையென்றால் நரம்பு வழி. டெங்குவில் பிளேட்லெட் 18,000 என்றால் ஈறு, தோல், மலம், மாதவிடாய் ஆகியவற்றில் இரத்தக் கசிவைத் தேடுவதும், தசையில் ஊசி போடாதிருப்பதும், ஹீமட்டோகிரிட்டையும் இரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பதும். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ஐ.என்.ஆர். 6 என்றால் இரவு மாத்திரையை நிறுத்தி வைப்பது முதல் வேலை. சோடியம் 116 என்றால் வலிப்புக்கான முன்னேற்பாடும் நினைவுநிலையைக் குறிப்பதும் முதலில். அங்கே அவசரமாக ஏற்றுவதே மூளைக்குக் கேடு என்பதால், ஓடும் திரவத்தின் வேகத்தை மணிக்கு மணி பார்க்க வேண்டும். பொட்டாசியம் அட்டையின் வரிசையை அப்படியே இவற்றின் மேல் ஒட்டிவிடாதீர்கள்.